கட்டடம் ஏறிவிட்டது, பில் ஏறவில்லை

அடுக்குமாடி கட்டி விற்கும் கம்பெனிகளுக்கு, விற்பனையும் கணக்கும் ஒரே இடத்தில் ஓடும் ஈஆர்பி சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். டெமோ நாளில் எல்லாம் அழகாகத்தான் ஓடும். சைட் இன்ஜினியர் "ஐந்தாவது ஸ்லாப் முடிந்தது" என்று டிக் போடுவார், அந்த டவரில் புக்கிங் இருக்கிற அத்தனை பேருக்கும் அந்தக் கட்டத்துக்கான தவணையைக் கட்டச் சொல்லும் பில், அதாவது டிமாண்ட் லெட்டர் போகும், எல்லோரும் கைதட்டுவோம். ஒருவர் கேன்சல் செய்து, அதே வீட்டை இன்னொருவர் வாங்கும்போது என்ன நடக்கும் என்று மட்டும் அன்றைக்கு யாரும் கேட்பதில்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், கணக்கு எளிதாக இருக்க வீட்டின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங்கில் 10, ஒப்பந்தத்தில் 10, அஸ்திவாரத்துக்கு 15, முதல் ஸ்லாப், ஐந்தாவது ஸ்லாப், பத்தாவது ஸ்லாப் ஒவ்வொன்றுக்கும் 10, மீதி பூச்சு வேலையிலிருந்து சாவி வரை. பழைய வாடிக்கையாளருக்கு முதல் ஸ்லாப் வரை 45 பில் போட்டிருந்தார்கள், 35 கட்டியிருந்தார், அதற்குமேல் முடியவில்லை, விலகிக்கொண்டார்.

இந்த இடத்தில் சேல்ஸ் ஆட்கள் கேட்பது ஒன்றுதான்: "அதே புக்கிங்கில் பெயரை மட்டும் மாற்றிவிடுங்களேன்." தயவுசெய்து மாற்றாதீர்கள். பழையவர் கட்டிய 35 புதியவர் கட்டியதாகத் தெரியும், அதோடு புது விலை 120 என்றால் ஏற்கெனவே போட்ட 45 சதவீத பில் பழைய விலையிலேயே நின்றுபோய் 9 காணாமல் போகும். போட்ட 45க்கும் அந்த பில்களை ரத்துசெய்யும் கிரெடிட் நோட், ஒப்பந்தப்படி கழிக்க வேண்டிய 10க்குத் தனி பில், மிச்சம் 25 திருப்பித் தருவது, பழைய லெட்ஜர் பூஜ்யம், அந்த புக்கிங் "கேன்சல்" என்ற நிலையில் அப்படியே கிடக்க வேண்டும். புதியவருக்குப் புது எண். நல்லவேளை, இவர்கள் இதைச் சரியாகவே செய்தார்கள்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் வந்தது. வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தபோது ஐந்தாவது ஸ்லாப் போட்டு முடித்தார்கள். சிஸ்டத்தில் தானாக ஓடி பில் போடும் ஜாப் நடப்பில் உள்ள புக்கிங்குகளை மட்டும்தான் பார்க்கும், இந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. அதில் தப்பில்லை. பிறகு புதியவர் 120க்கு வாங்கினார், அவருடைய தவணை அட்டவணை உருவானது, அதில் அஸ்திவாரம், முதல் ஸ்லாப், ஐந்தாவது ஸ்லாப் எல்லாம் "காத்திருப்பு" என்று உட்கார்ந்திருந்தன. எதற்குக் காத்திருப்பு? இன்ஜினியர் டிக் போடுவதற்கு. அவர் எப்போதோ போட்டுவிட்டார், இரண்டாவது முறை போடப்போவதில்லை.

நான்கு மாதம் யாருக்கும் தெரியவில்லை. பத்தாவது ஸ்லாப் வந்ததும் அவருக்கு 12க்கு டிமாண்ட் போனது, உடனே கட்டினார், கட்டமாட்டாரா பின்னே! கட்டடம் நின்ற நிலைக்கு அவரிடம் 78 கேட்டிருக்க வேண்டும், கேட்டது 36. நிலுவைப் பட்டியலில் அவர் பெயரே இல்லை, ஏனென்றால் பில் போடாத பணம் நிலுவையில் வராது. வசூல் டீமின் கண்ணுக்கு அவர் தங்கமான வாடிக்கையாளர்.

இதைச் சரிசெய்யப் போனவர் இன்னொரு வம்பை இழுத்துவிட்டார். அஸ்திவாரம், ஸ்லாப் என்று முடிந்துபோன பழைய மைல்ஸ்டோன்களை அவருக்காக மறுபடி ஓட்டினார், பில் தேதியாக மைல்ஸ்டோன் முடிந்த தேதியையே சிஸ்டம் எடுத்துக்கொண்டது. புதியவர் புக் செய்வதற்கு முன்பே தவணை தாமதமாகிவிட்டதாக வட்டி போட்டுக் கடிதம் போனது. அந்த மனிதர் போனில் என்ன பேசினார் என்பதை இங்கே எழுத முடியாது.

என்னைக் கேட்டால் வேர் ஒன்றுதான். ஸ்லாப் என்பது டவருக்கு நடந்த விஷயம், தவணை என்பது ஆளுக்கு நடக்கிற விஷயம், இரண்டையும் ஒரே டிக்கில் கட்டிப்போட்டது தப்பு. டவரில் எது எந்தத் தேதியில் முடிந்தது என்பது தனியாக இருக்கட்டும். புது புக்கிங்கின் ஒப்பந்தம் கையெழுத்தானதும் சிஸ்டம் அதைத் திரும்பிப் பார்த்து, முடிந்தவை எல்லாவற்றுக்கும் ஒரே டிமாண்ட் போடட்டும், கெடு அந்தக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓடட்டும். தாமதமாக வாங்குபவர் முதல் மாதத்திலேயே பாதிக்கு மேல் கட்ட வேண்டிவரும் என்பதை சேல்ஸ் ஆட்கள் புக்கிங் அன்றே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அதை எந்த சாஃப்ட்வேரும் செய்யாது. ஏழாவது மாடிச் சுவர் மாதிரி மாடிக்கு மாடி மாறும் வேலைகள் இருந்தால் டவர் கணக்கும் போதாது, மாடி வரை இறங்க வேண்டும், அது தனிக் கதை.

உங்கள் சிஸ்டத்தில் இது இருக்கிறதா என்று பார்க்க ஒரு மதியம் போதும். நடப்பில் உள்ள ஒவ்வொரு புக்கிங்குக்கும், முடிந்த மைல்ஸ்டோன்களின் சதவீதத்தோடு புக்கிங், ஒப்பந்தச் சதவீதத்தையும் கூட்டி ஒரு நெடுவரிசையில் போடுங்கள், பில் போட்ட சதவீதத்தைப் பக்கத்தில் போடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாத வரிகளை எடுத்து, அந்த வீடுகளில் முன்பு கேன்சல் ஆன புக்கிங் எத்தனைக்கு இருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் பார்த்தபோது ஒன்றைத் தவிர எல்லாமே அப்படித்தான் இருந்தன. அந்த ஒன்று இன்ஜினியர் டவர் மாற்றி டிக் போட்டது.