"சம்பளம் போடல" என்று பொய் சொல்லாதீர்கள், தொகையைச் சொல்லுங்கள்

கட்டாரில் வீட்டு வேலை செய்யும் மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளையைத் திட்டி அவளுடைய சொந்தக்காரர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் மூன்று நாளாகக் குரூப் குரூப்பாகச் சுற்றுகிறது. எல்லாரும் கேட்டிருப்பீர்கள். மாமா மகள் சடங்குக்கு அம்பதாயிரம் தரவில்லையாம், "வெளிநாடு போனதும் கண்ணு தெரியல"யாம். அதன் கீழே நம்ம ஆட்கள் போட்ட சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். காசு கேட்டால் "சம்பளம் போடல", "மேடம் இன்னும் தரல" என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். மாசம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று ஒரு தொகை வையுங்கள். அதை எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே மாதிரிச் சொல்லுங்கள்.

அந்த வேலையின் கணக்கைப் பார்ப்போம். கட்டாரில் 2021 மார்ச்சில் இருந்து வீட்டு வேலைக்கும் சேர்த்துக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால். ரியால் 80 ரூபாய் என்று வைத்தால் 80,000 ரூபாய். போன் ரீலோட், சோப்பு, சாமான், காசு அனுப்பும் கட்டணம் எல்லாம் சேர்த்து 100 ரியால் போனால் மிச்சம் 72,000. இதில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற வீட்டுச் செலவுக்கு 38,000. போகும்போது அடகு வைத்த நகையை மீட்க 12,000. அவசரத்துக்கு 5,000. அவள் பேரில் இருக்கிற கணக்குக்கு 17,000. கணக்கு முடிந்தது. இதில் சடங்குக்கு அம்பதாயிரம் எந்தப் பக்கத்தில் இருந்து வரும்?

அந்த 38,000 சின்னத் தொகை என்கிறவர்களுக்கு: 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் 25 நாள் பேர் விழுந்தாலும் 33,750தான் வந்தது. அந்தச் சம்பளத்துக்குக் கொழுந்து மலையில் ஒரு மாசம் முழுக்க நின்று எடுத்ததைவிட அவள் வீட்டுக்கு அனுப்புகிற இந்தத் தொகை கூட.

சொல்லும் விதமும் முக்கியம். ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் லயத்தில் பொழுது சாயும் முன்னே ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். அதனால் குடும்பக் குரூப்பில் ஒரே வாய்ஸ் போடுங்கள்: "மாசம் அஞ்சாந் தேதி 38,000 அம்மா கணக்குக்கு வரும். அவசரத்துக்குன்னு வருசத்துக்கு 60,000 வச்சிருக்கேன். ஆஸ்பத்திரி, சாவு, பிள்ளைங்க படிப்பு, இதுக்குத்தான். அது தீந்தா அந்த வருசத்துக்கு என்கிட்ட இல்ல." அதில் இருந்து ஒவ்வொரு தடவை கொடுத்ததும் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அதே குரூப்பில் சொல்லிவிடுங்கள். மிச்சம் 22,000 என்று எல்லாருக்கும் தெரிந்தால் அம்பதாயிரம் கேட்கிற ஆளுக்கே வாய் கொஞ்சம் தயங்கும்.

தேதி வைப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. கேட்கக் கேட்கப் பத்து பத்தாயிரமாக அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் கட்டணம் போகும். ஒரு தடவைக்கு 15 ரியால் என்றாலும் மாசம் நாலு தடவைக்கு 60 ரியால், 4,800 ரூபாய். அவசரத்துக்கு ஒதுக்கிய காசு கிட்டத்தட்ட முழுசும் அனுப்புகிற கடைக்கே போய்விடும்.

தொகையை ரூபாயிலே சொல்லுங்கள், ரியாலில் சொல்லாதீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாய் சொச்சத்தில் இருந்து சில மாசத்தில் 350ஐத் தாண்டியது. ரியால் டொலரோடு கட்டப்பட்டது, அதுவும் கூடவே ஏறியது. அதே சம்பளத்துக்கு ஊரில் கூடக் காசு விழுந்தது, கேட்கிறவர்களும் கூடினார்கள். பிறகு விலை இறங்கினபோது "முன்ன அவ்வளவு அனுப்பினியே, இப்ப ஏன் குறையுது" என்ற சண்டை. அவள் சம்பளம் ஒரு ரியால்கூட மாறவில்லை! ரூபாயில் நிலையான தொகை வைத்தால், விலை ஏறும் மாசத்து மிச்சம் அவள் கணக்கில் நிற்கும், இறங்கும் மாசத்துக்கு அது கைகொடுக்கும்.

பொய் ஏன் வேண்டாம் என்கிறேன்? பாவம் புண்ணியம் பேச வரவில்லை. உண்மையிலேயே சம்பளம் நின்று போகிற வீடுகள் இருக்கின்றன. மூன்று மாசம், நாலு மாசம் தராமல் இழுப்பார்கள், போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ஊரில் இருக்கிறவர்கள்தான் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும், 1989க்கு அடிக்க வேண்டும். ஏற்கெனவே நாலு தடவை "சம்பளம் போடல" என்று கேட்டுப் பழகிய வீட்டில், ஐந்தாவது தடவை யார் பதறுவார்கள்? "சும்மா சொல்றா" என்று விட்டுவிடுவார்கள். பாஸ்போர்ட் கொப்பி, ஒப்பந்தக் கொப்பி, ஏஜென்சி பேர், கடைசியாகச் சம்பளம் வாங்கிய மாசம், இந்த நாலும் அம்மாவிடம் இருக்கட்டும். காசு பேச்சில் மட்டும் உண்மை பேசுங்கள். அது உங்கள் உயிருக்கான காவல்.

"பெத்தவளுக்கே கணக்கா?" என்று கேட்பீர்கள். பெற்றவளுக்குக் கணக்கு இல்லை, பெற்றவளைச் சுற்றி நிற்கிறவர்களுக்குத்தான். பல வீட்டில் அம்மா பேரில் கணக்கு இருக்கும், கார்ட் தம்பி பையில் இருக்கும். அப்படி என்றால் நீங்கள் வைத்த தொகைக்கு அர்த்தமே இல்லை. அதனால் இரண்டு கணக்கு வேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கின் கார்ட் அம்மா கையில், உங்கள் கணக்கின் கார்ட் உங்கள் கையில். "என்கிட்ட இருக்கிறது வீட்டுக் காசு மட்டும்தான்" என்று அம்மாவும் பொய் இல்லாமல் சொல்ல முடியும்.

"போகும்போது நாங்கதானே தோடு கழட்டிக் கொடுத்தோம்" என்கிறவர்கள் கேட்பது நியாயம். அதற்கு முழு மதிப்பு உண்டு. ஆனால் அது கடன். அடகுத் துண்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், முதலும் வட்டியும் எவ்வளவு என்று பார்த்து மாசத் தவணையில் அந்த 12,000க்குள்ளேயே முதல் வேலையாக அடைத்துவிடுங்கள். நகையை மீட்டுக் கையில் கொடுத்ததும் அந்தக் கணக்கு முடிந்தது. தோடு கொடுத்த உரிமையில் ஆட்டோ லீசிங்குக்கும் வீட்டுக்கு டைல் போடவும் கேட்டால், அதைக் கடனோடு சேர்க்காதீர்கள்.

லீசிங் பற்றி ஒரு வார்த்தை. "நாளைக்கு ஆட்டோவைத் தூக்கிட்டுப் போயிருவான்" என்று இரவில் போன் வரும். ஒரு தவணை கட்டினால் முடிகிற விசயம் இல்லை. அடுத்த மாசமும் அதே தேதி வரும். எத்தனை தவணை பாக்கி, மாசம் ஆட்டோ எவ்வளவு உழைக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் நீங்கள் கட்டும் காசு ஆட்டோவைக் காப்பாற்றாது, சீஸ் ஆகிற தேதியைத்தான் தள்ளிப் போடும்.

"மறந்துட்டா, மாறிட்டா" என்கிறார்கள். அடுத்தவர் பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்து, தன் பிள்ளையின் முகத்தை போனில் பார்க்கிறவளிடம் அதைச் சொல்ல எப்படி மனசு வருகிறது? ஒப்பந்தம் முடிந்து வரும்போது அந்த 17,000தான் அவளுக்கு இருக்கும். இரண்டு வருசத்துக்கு நாலு லட்சத்து எட்டாயிரம். அதையும் மாசா மாசம் நாம் கேட்டு வாங்கிவிட்டால், வந்த மூணாம் மாசம் திரும்பவும் ஏஜென்சி வாசலில் போய் நிற்பாள். அப்படி நிற்கிறவர்கள் நம்ம தோட்டங்களில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.