வாக்கர் எங்கே நடந்தார்?

ஜானி வாக்கர் பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் விறுவிறுவென்று நடந்து போவார். 1908இல் பெயரை வைத்து விளையாட்டாக வரைந்த படம். விளம்பரத்துக்கு அது சரி. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லும் இணையப் பக்கங்கள் சிலவும் இப்படியே காதில் விழுவதை வைத்துக் கதை விடுவதுதான் எனக்கு எரிச்சல்.

வாக்கர் நடந்தது தெருவில் இல்லை, தொட்டிக்குள். தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி நெகிழ்ந்து, ஆட்டின் பிசுக்கோடு இருக்கும். அதைத் தண்ணீர், ஒருவகைக் களிமண், நாள்பட்ட மூத்திரம் எல்லாம் கலந்த தொட்டியில் போட்டு வெறுங்காலால் மிதிப்பார்கள். மூத்திரத்தின் அம்மோனியா பிசுக்கை எடுத்துவிடும். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கிக் கெட்டியாகும். நாற்றத்தை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

இதே வேலையைத் தென்கிழக்கு இங்கிலாந்தில் செய்தவர் ஃபுல்லர். டெவன், சாமர்செட் பக்கம் டக்கர். வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். ஆக, இந்தப் பெயர்கள் தொழிலோடு சேர்த்து, முன்னோர் எந்த வட்டாரம் என்பதையும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடுகின்றன. 12ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நீரால் ஓடும் மர உலக்கைகள் துணியை இடிக்கத் தொடங்கிவிட்டன. காலுக்கு வேலை குறைந்த பிறகும் வாக்கர் என்ற பெயர் போகவில்லை.

ஒருவர் நிஜமாகவே அந்தத் தொழில் செய்தவரா, அப்பா பெயரைச் சுமந்தவரா என்று பார்க்க 1379ஆம் ஆண்டு யார்க்ஷயர் தலைவரிப் பட்டியல் உதவும். அதில் பலருக்குப் பெயரோடு தொழிலும் எழுதியிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பெயர் அதற்குள் பரம்பரையாகிவிட்டது என்று ஊகிக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. நியூகாசில் பக்கத்தில் வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் தொட்டியை மறந்துவிட வேண்டியிருக்கலாம்.

கிங் என்ற பெயர்க்காரர்களும் அரச வம்சமாக இருக்க வாய்ப்பில்லை. ராஜா மாதிரி மிடுக்காகத் திரிந்ததற்கோ, திருவிழாக் கூத்தில் ராஜா வேஷம் கட்டியதற்கோ ஊர் வைத்த பட்டப்பெயர் அது.

அப்பா பெயர்களில் வேடிக்கை இன்னும் அதிகம். ரிச்சர்டைச் செல்லமாக ரிக் என்பார்கள். ரிக்கோடு எதுகை சேர்த்து டிக், ஹிக் என்றும் கூப்பிடுவார்கள். டிக்கின் மகன் டிக்சன், ஹிக்கின் மகன் ஹிக்சன் அல்லது ஹிக்ஸ். பெயரில் ரிச்சர்டு என்ற எழுத்தே இருக்காது, ஆனால் உள்ளே இருப்பவர் ரிச்சர்டுதான். ராபர்ட்டுக்கும் இதே கதி: ராப்சன், ஹாப்சன், டாப்சன்.

இடப்பெயரில் எனக்குப் பிடித்தது நாஷ். ஆஷ் மரத்தருகே குடியிருந்தவரை 'அட்டன் ஆஷ்' என்றார்கள். வேகமாகச் சொல்லச் சொல்ல முன்சொல்லின் கடைசி 'ன்' மரத்தோடு ஒட்டிக்கொண்டு நாஷ் ஆகிவிட்டது. ஓக் மரத்தருகே இருந்தவர்கள் நோக்ஸ் ஆனதும் இதே வழியில்தான்.