கூட்டாக வாடகைக் கட்டடம் வாங்குவோர் விலகும் விதியை முதலில் எழுத வேண்டும்

நண்பர்களோ உறவினர்களோ நான்கைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு விடும் கட்டடம் ஒன்றை வாங்க முனையும்போது, பேச்சு முழுவதும் யார் எவ்வளவு போடுவது, வாடகை எவ்வளவு வரும் என்பதைச் சுற்றியே நடக்கிறது. வரைவு ஒப்பந்தத்தில் விலகுவதைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில், "விலக விரும்புபவர் தம் பங்கைச் சந்தை மதிப்பில் மற்றவர்களுக்கு விற்கலாம்" என்று ஒரே ஒரு வரி இருக்கும். நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்பின. ஆகவே விலகும் விதியை முதலில் எழுதிவிட்டு, பங்கு, முடிவெடுக்கும் முறை, செலவு ஆகிய மற்றவற்றை அதற்கேற்ப அமைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை ஒரு கணக்கை வைத்தே சொல்கிறேன்.

மொத்தத் தேவை 1000 என்று வைத்துக்கொள்வோம். அதில் கட்டடத்தின் விலை 900, பதிவுச் செலவும் வழக்கறிஞர் கட்டணமும் 60, எதிர்பாராத பழுதுகளுக்கான கையிருப்பு 40. வங்கிக் கடன் 400 போக, மீதி 600-ஐ நான்கு பேர் 240, 180, 120, 60 என்று போடுகிறார்கள். அதாவது 40, 30, 20, 10 சதவீதப் பங்குகள். பத்து சதவீதக்காரர்தான் கட்டடத்தை நேரில் கவனித்துக்கொள்ளப் போகிறவர்.

அவருடைய உழைப்புக்காகக் கூடுதல் பங்கு தரலாம் என்ற யோசனை இந்த இடத்தில் பெரும்பாலும் எழும். அது வேண்டாம் என்பேன். இரண்டாம் ஆண்டே அவர் அந்த வேலையை விட்டுவிடக்கூடும்; கொடுத்த பங்கோ நிரந்தரமாக அவரிடம் இருக்கும். வசூலான வாடகையில் ஒரு குறிப்பிட்ட விகிதத்தை நிர்வாகக் கட்டணமாகக் கொடுத்துவிட்டால், வேலை கைமாறும்போது கட்டணமும் கைமாறும். பங்கு என்பது போட்ட பணத்துக்கு மட்டுமே உரியதாக இருந்தால்தான் பிற்காலத்தில் கணக்கு தெளிவாக நிற்கும்.

இப்போது ஓர் ஆண்டின் வரவு செலவைப் பார்ப்போம். ஆண்டு வாடகை 72. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 66 வரும். வரி, காப்பீடு, சிறு பழுதுகள் 16, நிர்வாகக் கட்டணம் 4, கடன் தவணை 34 ஆகியவை போக மிஞ்சுவது 12. அதில் 5-ஐக் கையிருப்பில் சேர்த்துவிட்டால் பகிர்ந்துகொள்ள 7 இருக்கும். இருபது சதவீதக்காரர் 120 போட்டுவிட்டு ஆண்டுக்கு 1.4 வாங்குகிறார். தவணையில் அசலாகக் கழியும் பகுதியும் அவருடைய லாபம்தான் என்றாலும், அது கையில் வரும் பணம் அல்ல, கட்டடத்துக்குள் சேரும் பணம். எனவே முதலீட்டின் பலன் பெரும்பாலும் வெளியேறும் நாளில்தான் கைக்கு வருகிறது. அந்த நாளின் விலை எப்படிக் கணக்கிடப்படும் என்பதை எழுதாமல் பணம் போடுபவர், எவ்வளவுக்கு வாங்குகிறோம் என்றே தெரியாமல் வாங்குகிறார்.

நான்கு ஆண்டுகள் கழித்து இருபது சதவீதக்காரர் விலக விரும்புகிறார் என்று கொள்வோம். கட்டடத்தின் இன்றைய மதிப்பு 1050. "எனக்கு 210 வர வேண்டும்" என்று அவர் மனத்தில் ஒரு தொகையை வைத்திருப்பார். ஆனால் கடன் பாக்கி 360 இருக்கிறது. கூட்டுக் கணக்கில் 50 இருந்தாலும் அதில் 30 குடியிருப்பவர்களின் முன்பணம். காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டியது. இவற்றைச் சரிக்கட்டினால் நிகர மதிப்பு 710 ஆகிறது; அதில் அவருடைய பங்கு 142. கட்டடத்தை உண்மையிலேயே விற்றிருந்தால் தரகும் இதர செலவுகளும் 4 சதவீதம், அதாவது 42 ஆகியிருக்கும் என்று மற்றவர்கள் சொன்னால், அது 668 ஆகக் குறையும்; அவருடைய பங்கு 133.6. அடுத்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து, தனியாக எதையும் தீர்மானிக்க முடியாத சிறு பங்கை வெளியில் யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள் என்று கூறி 25 சதவீதம் கழித்தால், கையில் வருவது சுமார் 100. போட்டதைவிடக் குறைவு.

இந்த 210, 142, 133.6, 100 ஆகிய நான்கு தொகைகளுமே "சந்தை மதிப்பு" என்ற சொல்லுக்குள் அடங்கக்கூடியவை என்பதுதான் சிக்கல். யாரும் ஏமாற்றவில்லை, ஒப்பந்தம்தான் வாய் திறக்கவில்லை. எனவே மதிப்பை யார் நிர்ணயிப்பது, கடனும் முன்பணமும் எந்தத் தேதி நிலவரப்படி கழிக்கப்படும், நடக்காத விற்பனையின் செலவைக் கழிக்கலாமா, சிறு பங்கு என்பதற்காகத் தள்ளுபடி உண்டா என்பவற்றை வெளிப்படையாக எழுத வேண்டும். விற்பனைச் செலவில் பாதியைக் கழிப்பதும், சிறு பங்குத் தள்ளுபடியை அடியோடு விலக்குவதும் நியாயம் என்பது என் கருத்து. முதல் மூன்று ஆண்டுகளுக்குள் விலகுபவருக்கு மட்டும் ஒரு குறைப்பு வைக்கலாம். அது மற்றவர்களை அவசரக் கடனுக்குத் தள்ளுவதற்கான ஈடு. எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் யார் முதலில் விலகப் போகிறார் என்று தெரியாத காலத்திலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும். தெரிந்த பிறகு எந்த விதியும் ஒருவருக்குச் சாதகமாகவே தோன்றும்.

விலையை ஒத்துக்கொண்டாலும் பணம் எங்கிருந்து வரும்? மற்ற மூவரிடமும் 133.6 ரொக்கமாக இருக்காது. முப்பது சதவீதத்தை உடனேயும் மீதியை இரண்டு ஆண்டுத் தவணைகளிலும், வங்கிக் கடனுக்கு நிகரான வட்டியுடன் தருவது நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு. முழுப் பணமும் சேரும்வரை விலகுபவரின் பங்கு ஈடாக இருக்க வேண்டும். வாடகைப் பகிர்வுக்கு முன்பாக அவருடைய தவணை கழிக்கப்பட வேண்டும். வட்டியில்லாத தவணை என்பது மறைமுகமான விலைக்குறைப்பு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இன்னொன்று பலரும் எதிர்பாராதது. விலகுபவரின் 20 சதவீதத்தை மற்ற மூவரும் தத்தம் பங்கு விகிதத்தில் வாங்கினால், அவர்கள் முறையே 50, 37.5, 12.5 என்று ஆகிறார்கள். நேற்றுவரை பாதிக்கு மேற்பட்ட பங்கு ஆதரித்தால் முடிவு என்றிருந்த குழுவில் இப்போது ஒருபுறம் 50, மறுபுறம் 50. முட்டுக்கட்டை தானாகவே பிறந்துவிட்டது. மற்ற இருவருக்கும் வசதியில்லாமல் பெரிய பங்குக்காரரே முழுவதையும் வாங்கினால் அவர் 60 ஆகிவிடுவார். அதன்பின் கூட்டம் கூட்டுவதே சடங்கு. நான்கு பேர் இருந்தபோது பொருத்தமாக இருந்த வாக்கு விதி, மூன்று பேரானதும் வேறொன்றாகிவிடுகிறது. விலகலைப் பற்றி யோசிக்காமல் முடிவெடுக்கும் முறையை எழுதக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அன்றாடப் பழுதுகளை ஒரு குறிப்பிட்ட தொகைவரை நிர்வகிப்பவரே செய்துகொள்ளட்டும். அதற்கு மேற்பட்ட செலவுக்கும் வாடகை மாற்றத்துக்கும் பங்கில் பெரும்பான்மை இருப்பதோடு, குறைந்தது இரண்டு பேராவது சம்மதிக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டால், ஒருவர் 60 ஆனாலும் தனியாட்சி நடத்த முடியாது. 50-க்கு 50 என்று நின்றுவிட்டால், முன்னரே பெயர் குறித்துவைத்த வெளியாள் ஒருவரின் கருத்து இறுதியானது என்று எழுதலாம். கட்டடத்தை விற்பது, புதிய கடன் வாங்குவது ஆகிய இரண்டுக்கும் எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்று எழுதுவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் அது பத்து சதவீதக்காரர் ஒருவரே எல்லாரையும் ஆண்டுக்கணக்கில் பிணைத்துவைக்கும் சாவியாகவும் மாறும். முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமித்த சம்மதம், அதன்பின் 75 சதவீதம் என்று காலத்தோடு தளர்த்துவதே சரி.

"நான் ஒரு விலை சொல்கிறேன், அந்த விலைக்கு நீ என் பங்கை வாங்கு, அல்லது உன் பங்கை எனக்குக் கொடு" என்ற ஏற்பாட்டைச் சிலர் மிகவும் விரும்புகிறார்கள். சம வசதி உள்ள இருவருக்கு அது அழகான தீர்வு. பணபலத்தில் ஏற்றத்தாழ்வு உள்ள குழுவில், மற்றவர் கையில் பணமில்லாத நேரம் பார்த்துக் குறைந்த விலை சொல்வதற்கு அது வழிவகுக்கும். வைத்தே ஆக வேண்டுமென்றால் பதிலளிக்க 90 நாளாவது கொடுங்கள்.

செலவில் ஒரு கேள்விதான் உண்மையில் கடினமானது. கூரை முழுவதையும் மாற்ற 60 தேவைப்படும்போது, பத்து சதவீதக்காரரால் தம் பங்கான 6-ஐத் தர முடியவில்லை என்றால் என்ன செய்வது? மற்றவர்கள் அதை அவருக்கான கடனாகப் போட்டு, அவருக்குச் சேர வேண்டிய வாடகைப் பகிர்விலிருந்து வட்டியோடு கழித்துக்கொள்வது முதல் வழி. ஆனால் ஆண்டுக்கு 0.7 பெறுபவரால் 6-ஐ அடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஓராண்டுக்குள் கட்டாவிட்டால் பாக்கி பங்காக மாறும் என்றும், விலகலுக்கு எழுதிய அதே மதிப்பீட்டு முறைப்படியே மாறும் என்றும் சேர்க்க வேண்டும். தண்டனையாக அவர் பங்கைப் பாதி விலைக்கு எடுத்துக்கொள்ளும் விதிகளையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு விதி இருந்தால், தேவையற்ற பெருஞ்செலவு ஒன்றை வாக்கால் நிறைவேற்றியே ஏழைப் பங்காளியை வெளியேற்றிவிடலாம்.

உரிமை யார் பெயரில் இருக்கிறது என்பதும் விலகலோடு ஒட்டியதே. நால்வர் பெயரிலும் நேரடியாகப் பத்திரம் இருந்தால், பல நாடுகளின் சட்டப்படி கூட்டுரிமையாளர் எவரும் பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் செல்லலாம். கட்டடத்தை நான்காக வெட்ட முடியாது என்பதால் அது விற்பனையில் போய் முடியும். ஒரு நிறுவனத்தின் பெயரில் வாங்கிப் பங்குகளை வைத்துக்கொண்டால் பத்திரத்தைத் தொடாமலேயே பங்கு கைமாறும். பதிலுக்கு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், தணிக்கை போன்ற செலவுகள் வரலாம், வரியும் வேறுபடும். ஒரு சிறு கட்டடத்துக்கு அந்தச் செலவு கட்டுபடியாகுமா என்பதை உள்ளூர்ச் சட்டம் அறிந்தவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எந்த வழியில் வாங்கினாலும் வங்கி பெரும்பாலும் எல்லாரிடமும் தனிப்பட்ட கையெழுத்தை வாங்கிக்கொள்ளும். அந்தக் கையெழுத்தின்படி ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. 20 சதவீதக்காரர் 80-க்கு மட்டுமல்ல, 400-க்கும் பொறுப்பு. பங்கை விற்றுவிட்டுப் போனவரை வங்கி தானாக விடுவிக்காது. நண்பர்கள் தமக்குள் எழுதிக்கொண்ட தாள் வங்கியைக் கட்டுப்படுத்தாது. எனவே, வங்கியிடமிருந்து எழுத்துமூலமான விடுவிப்பு வாங்கித் தருவதையோ, பழைய கடனை அடைத்து மீதமிருப்பவர்கள் பெயரில் புதுக்கடன் எடுப்பதையோ மற்றவர்களின் கடமையாக்கி, அதற்கு ஆறு மாதக் கெடு வைக்க வேண்டும். கெடு தவறினால் கட்டடத்தைச் சந்தையில் விற்பனைக்கு வைக்கும்படி கேட்கும் உரிமை விலகுபவருக்கு இருக்க வேண்டும். இறந்துபோன பங்காளியின் வாரிசுகளுக்கும் இதே விலை, இதே தவணை, இதே கெடு பொருந்தும் என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிட்டால், அவர்களுக்கென்று தனியாக வேறு விதி எழுத வேண்டிய தேவை இருக்காது.