ரிப்போர்ட் சரியாக வருகிறது, ஆள் எப்படி இருக்கிறார்?

வேலை அழுத்தம் நீண்டு ஆள் உள்ளுக்குள் வற்றிப்போகும் பர்ன்அவுட் என்றதும் வேலையில் சொதப்புகிறவர், அடிக்கடி லீவு போடுகிறவர்தான் நம் நினைவுக்கு வருவார். அது பிந்தைய கட்டம். நன்றாக வேலை செய்கிறவரிடம் அது தொடங்கிப் பல மாதம் ஆனாலும் வேலையின் தரம் குறையாமல் இருக்கலாம். அவர் முடித்துக் கொடுக்கும் வேலையை மட்டும் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது.

உளவியலாளர் ராபர்ட் ஹாக்கி 1997இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். களைத்த மனிதர் முக்கியமான வேலையை விட்டுக்கொடுப்பதில்லை. கூடுதல் முயற்சி போட்டு அதைக் காப்பாற்றிவிடுகிறார். அந்த முயற்சிக்கான சக்தி வேறு எங்கிருந்தோ வந்தாக வேண்டுமே? யாரும் கணக்கு வைக்காத சின்ன வேலைகளிலிருந்தும், ஓய்விலிருந்தும், உறக்கத்திலிருந்தும் வருகிறது. அதனால் தேட வேண்டியதும் அங்கேதான்.

ஒரு கணக்குப் பிரிவு ஊழியரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மாதக் கணக்கை ஐந்தாம் தேதிக்குள் முடித்துத் தர வேண்டும். இந்த மாதமும் முடித்துவிட்டார், பிழை இல்லை. ஆனால் முன்பு 6 மணி நேரத்தில் முடிந்த சரிபார்ப்பு இப்போது 9 மணி நேரம் பிடிக்கிறது. ஒரே தொகையை மூன்று முறை கூட்டிப் பார்க்கிறார், ஏனென்றால் முதல் முறை பார்த்தது மனதில் நிற்கவில்லை. அந்தக் கூடுதல் 3 மணி நேரம் இரவில் போகிறது. ரிப்போர்ட்டில் அது தெரியவே தெரியாது.

இன்னும் கூர்ந்து பார்த்தால், முன்பெல்லாம் ஒரு செலவு திடீரென்று கூடினால் ஏன் என்று தோண்டி, இரண்டு வரி குறிப்பு எழுதுவார். இப்போது எண் சரியாக இருந்தால் போதும் என்று விடுகிறார். ஜூனியர் ஒருவர் சந்தேகம் கேட்டால் விளக்காமல், 'அனுப்பு, நானே பண்ணிடறேன்' என்கிறார். மேலிருந்து பார்ப்பவருக்கு இது பொறுப்புணர்ச்சியாகத் தெரியும். என் கணிப்பில் இந்த ஒரு வாக்கியம்தான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி. சொல்லிக் கொடுக்கிற பொறுமை தீர்ந்துபோனவர் பேசுவதும் இப்படித்தான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த நிலையாகவே சேர்த்திருக்கிறது. அதற்கு மூன்று கூறுகள் சொல்கிறது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மேல் கசப்பு, தன் வேலையில் பயனில்லை, எதையும் சாதிக்கவில்லை என்ற உணர்வு. நாம் பேசும் ஆளிடம் மூன்றாவது வெளியே தெரியாது. முதல் இரண்டையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். மனம் விலகுவது பேச்சில் தெரியும். 'இதை இப்படி மாற்றலாமே' என்று வாதாடியவர் 'சரி, நீங்க சொல்றபடியே' என்கிறார். சண்டை போடுவதை நிறுத்திவிட்டார், பக்குவப்பட்டுவிட்டார் என்று பலர் சந்தோஷப்படுவார்கள்!

வெறும் அசதியா, இதுவா என்று பிரிக்க ஓய்வுக்குப் பிந்தைய நாட்களைப் பாருங்கள். சாதாரணக் களைப்பு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் பெரும்பாலும் தெளியும். இங்கே வார விடுமுறையின் பாதி, வேலையை மனதிலிருந்து இறக்கி வைக்கவே போய்விடுகிறது. திரும்பி வந்த முதல் நாள் மதியமே பழைய கனம். ஒரு முறை இப்படி ஆனால் பெரிதாக எடுக்க வேண்டாம். நான்கைந்து வாரம் தொடர்ந்தால் எடுத்தே ஆக வேண்டும்.

'நல்லா இருக்கீங்களா?' என்று கேட்டுப் பயனில்லை, 'இருக்கேன்' என்றுதான் பதில் வரும். அளக்கக்கூடியதைக் கேளுங்கள். 'இதே வேலை ஆறு மாசம் முன்னாடி எவ்வளவு நேரம் எடுத்துச்சு, இப்ப எவ்வளவு?' 'கடைசியா எப்ப வேலை ஞாபகமே இல்லாம ஒரு சாயங்காலம் போச்சு?' இரண்டாவது கேள்விக்கு அவர் நீண்ட நேரம் யோசித்தால், அந்த யோசனையே பாதி பதில்.

அடுத்து வழக்கமாக நடக்கும் தவறு, ஒரு வாரம் லீவு கொடுத்து அனுப்புவது. அந்த வார வேலை அவர் மேசையிலேயே குவிந்து கிடந்தால், திரும்பி வந்து இரண்டு வார வேலையை ஒரே வாரத்தில் செய்வார், அதையும் பிழையில்லாமல். லீவுக்கு முன் ஒரு வேலையை நிரந்தரமாக இன்னொருவர் பெயருக்கு மாற்றுங்கள். எதை மாற்றுவது என்று அவரையே கேட்டால் 'எல்லாம் சமாளிச்சுக்கலாம்' என்பார். அதனால் இரவில் எந்த வேலை நடக்கிறது என்று மட்டும் கேட்டு, அதிலிருந்து ஒன்றை எடுங்கள்.

ஒரு எல்லையும் உண்டு. வேலைக்கு வெளியிலும், பிடித்த எதிலும் மனம் ஒட்டாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும்கூட இதே அசதியைத் தரும். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர், மேலாளர் அல்ல. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும்.