விழுங்கத் தெரிகிறது, வரவு வைக்கத் தெரியவில்லையா?

வங்கியின் பணம் போடும் இயந்திரத்தில் 37 நோட்டுகளை வைத்தேன். ஓரம் மடங்கியிருந்த ஒன்றை மட்டும் இயந்திரம் வெளியே துப்பியது. அந்தச் சின்ன மடிப்புகூட அதன் கண்ணுக்குத் தப்பவில்லை! மீதி 36 என்று திரையில் காட்டியது. சரி என்று அழுத்தினேன். உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். பிறகு, பரிவர்த்தனை முடியவில்லை என்று ஒரு சீட்டு நீண்டது. பணம் திரும்பி வரவில்லை, கணக்கிலும் ஏறவில்லை. ஒருவேளை தாமதமாகத் தள்ளுமோ என்று, திரை பழைய நிலைக்குத் திரும்பும்வரை நகராமல் நின்றேன். ஒன்றும் வரவில்லை.

கிளைக்குள் போனால், "ஒரு நாள் பொறுங்கள் சார், தானாக வந்துவிடும்" என்கிறார் ஊழியர். எப்படி ஐயா தானாக வரும்? பணம் எடுக்கும்போது தவறினால் கணக்கில் கழித்த பதிவு இருக்கிறது; அதைத் திருப்பிப் போடலாம். பணம் போடும்போது தவறினால் என் கணக்கில் ஒரு வரிகூட இருப்பதில்லையே! நோட்டுகள் எண்ணி முடிந்ததும் ஒரு தற்காலிகத் தட்டில் நிற்கும். சரி என்றபின்தான் பெட்டிக்குள் போகும். அந்த இடைவெளியில் நோட்டு சிக்கினாலோ வங்கிக் கணினியுடன் தொடர்பு அறுந்தாலோ என் பணத்துக்குச் சாட்சி இயந்திரத்தின் வயிறு மட்டுமே. யாராவது அதைத் திறந்து எண்ணியாக வேண்டும். இதை வாடிக்கையாளன் வந்து பாடம் நடத்த வேண்டியிருக்கிறது!

அங்கேயே உட்கார்ந்து புகார் எழுதினேன். இயந்திரத்தின் எண், நேரம், சீட்டிலுள்ள பரிவர்த்தனை எண், எந்த மதிப்பில் எத்தனை நோட்டு என எல்லாவற்றையும் குறித்தேன். இயந்திரத்தின் உட்பதிவையும் கேமரா பதிவையும் பார்க்க வேண்டும், பணத்தை எண்ணும்போது இயந்திரத்தின் கணக்குக்கு மேல் மிஞ்சியது எவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்றும் கேட்டேன். புகார் எண் கையில் வந்தபின்தான் எழுந்தேன். சீட்டின் மூலத்தைக் கொடுக்கவில்லை, நகல்தான் கொடுத்தேன். அந்தத் தாளின் எழுத்து சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பதால் படமும் எடுத்து வைத்தேன்.

ஆத்திரத்தில் முதலில் 37 என்றே எழுதிவிட்டேன். நல்லவேளை, துப்பிய நோட்டு சட்டைப்பையில் உறுத்தியது. அடித்து 36 ஆக்கினேன். மிஞ்சிய தொகையும் கோரிய தொகையும் ஒத்துப்போகவில்லை என்றால், பொருந்தவில்லை என்று ஒற்றை வரியில் கோரிக்கையைத் தள்ளிவிட ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

நான்காம் நாள் எண்ணிப் பார்த்தார்கள். சரியாக 36 நோட்டுகள் மிச்சம். மாலையில் கணக்கில் ஏறியது. முதல் நாளே திறந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? அதற்கு மட்டும் பதில் இல்லை.

மடங்கிய அந்த நோட்டு இன்னும் என் பையில்தான் இருக்கிறது. நீவி நேராக்கிவிட்டேன். அந்த இயந்திரத்துக்கு மட்டும் தரமாட்டேன்.