மூணு வாரத்துல ஒரு லீவ் ஃபார்ம்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னைக்கு மட்டும் நாலு பேர் அனுப்பிட்டாங்க. "மூணு வாரமாச்சு, ஒரு லீவ் ஃபார்ம் முடிக்கத் துப்பில்ல"ன்னு ஃப்ரெஷர்ஸ் ஆறு பேரும் இருக்குற குரூப்லயே ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி டீம் லீட் போட்டது. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல.

அதே படத்துல மேல அவங்களுக்கு வேலை குடுத்த டிக்கெட்டும் தெரியுது, பாருங்க. "லீவ் ஃபார்ம் செய்யவும்." அவ்வளவுதான். அரை நாள் லீவ் உண்டா? ஏற்கனவே போட்ட தேதியிலயே திரும்பப் போட்டா என்ன ஆகணும்? நடுவுல ஞாயிறு வந்தா கணக்குல சேருமா? அஞ்சு வருஷம் வேலை பார்த்தவர் இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் தொடங்குவார். காலேஜ்ல கேள்வித்தாள் அச்சடிச்சே கைக்கு வந்துச்சு. இங்க கேள்வியையும் நாமதான் கண்டுபிடிக்கணும்னு அவங்களுக்கு யார் சொன்னது? சொல்லாத ஒண்ண எதிர்பார்க்கக் கூடாது.

"முடிஞ்சது"ங்கிற வார்த்தையையே எடுத்துக்கோங்க. புதுசா வந்தவருக்குத் தன் லேப்டாப்ல ஓடினா முடிஞ்சது. லீடுக்கு ரிவ்யூ ஆகி, மெர்ஜ் ஆகி, டெஸ்ட் சர்வர்ல ஓடினாத்தான் முடிஞ்சது. "கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு"ன்னு தினமும் அவங்க சொன்னது பொய் இல்ல. இதையும் முதல் நாளே சொல்லியிருக்கணும்.

அந்த ஃபார்மையே ஒரு நாள் வேலைகளா வெட்டியிருக்கலாம். முதல் நாள் ரெண்டு தேதி, ஒரு காரணம், டேபிள்ல சேவ் ஆனா போதும். மறுநாள், முடியுற தேதி தொடங்குற தேதிக்கு முன்னாடி வந்தா எரர் காட்டணும். மூணாவது நாள், ஒரே தேதிக்கு ரெண்டு லீவ் வராமத் தடுக்கணும். ஒவ்வொண்ணும் தனி புல் ரிக்வெஸ்ட், இருநூறு வரிக்குள்ள, அன்னைக்கே ரிவ்யூ. தேதியை வெறும் டெக்ஸ்டா சேவ் பண்ணியிருந்தா முதல் நாளே தெரிஞ்சிடும், பத்து நிமிஷத்துல மாத்திடலாம். மூணு வாரம் கழிச்சு ஆயிரம் வரியோட வந்தா, அந்த ஒரு தப்பு மேல மத்ததெல்லாம் கட்டியிருக்கும். ரெண்டு நாளா ஒருத்தர்கிட்டேருந்து ஒரு கமிட்டும் வரலைன்னா மாட்டிக்கிட்டு நிக்கிறார்னு அர்த்தம். அப்பவே பக்கத்துல போய் உட்காரணும்.

"இப்படிக் கைபிடிச்சு நடத்தினா டெட்லைனை யார் பார்க்குறது?"ன்னு கேட்பீங்க. ஆறு பேருக்குத் தலா அரை மணி நேரம்னா லீடுக்கு தினமும் மூணு மணி நேரம் போகும். அதை பிளான்லயே எழுதுங்க. முதல் மாசம் ஃப்ரெஷருக்கு எட்டு மணி நேரம் போடாதீங்க, நாலு போடுங்க. மீதி நேரம் பழைய கோடைப் படிக்கவும் சந்தேகம் கேட்கவுமே சரியாப் போயிடும். ஆறு பேரையும் எட்டு எட்டு மணி நேரமாக் கணக்குப் போட்டு கிளையன்ட்டுக்குத் தேதி குடுத்திருந்தா, தப்பு அந்தக் கணக்குல இருக்கு.

"சிலர் நிஜமாவே வேலை செய்யுறதில்லையே?" ஆமா, இருக்காங்க. ஒரு நாள் அளவுல வேலை குடுத்தாத்தான் அவங்களையும் அடையாளம் தெரியும்.

இன்னொண்ணு. அரை மணி நேரம் முட்டி மோதியும் நகரலைன்னா, என்ன எரர் வருது, என்னென்ன செஞ்சு பார்த்தேன்னு எழுதி குரூப்ல கேளுன்னு பழக்கணும். அதுலதான் எல்லாமே இருக்கு. துப்பில்லைன்னு ஆறு பேர் முன்னாடி எழுதின பிறகு, அந்த குரூப்ல இனி யார் வாயைத் திறந்து சந்தேகம் கேட்பாங்க?