பாமினியில் தட்டி அனுப்பாதீர்கள்!

படுவான்கரையில் வடமோடிக் கூத்து அரங்கேற்றத்தைப் படம்பிடித்து, அண்ணாவியார் ஆட்டத்தையும் தாளத்தையும் விளக்கும் பேட்டியையும் சேர்த்து யூடியூபில் போட்டோம். அம்பாறையில் சிங்கள நண்பர்கள் பார்க்கக் காத்திருந்தார்கள். முதலில் தமிழ் சப்டைட்டில், அதை வைத்துச் சிங்களம், ஆங்கிலம் என்பது திட்டம். நகரத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் வேலையைக் கொடுத்தோம். வந்த கோப்பில் ஒவ்வொரு வரியும் இப்படித்தான் இருந்தது:

```
9
00:01:12,400 --> 00:01:15,900
kl;lf;fsg;G
```

இது 'மட்டக்களப்பு' என்ற சொல்! ஆங்கில எழுத்துகளையே தமிழ் உருவில் காட்டும் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் மட்டும்தான் இது தமிழாகத் தெரியும். சப்டைட்டில் கோப்பு வெறும் உரை. எழுத்துருவை அது சுமந்து செல்லாது. நேரக்குறிகள் சரியாக இருப்பதால் யூடியூபும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது. பார்ப்பவனுக்குத்தான் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. கடைக்காரரைக் கேட்டால், "தம்பி, எங்கட கணினியில் வடிவாகத்தான் தெரிகிறது" என்கிறார். உங்கள் கணினியிலா உலகம் பார்க்கப்போகிறது?

"மாற்றித் தாருங்கள்" என்று திருப்பி அனுப்பினோம். கோப்பு முழுவதையும் யூனிகோட் மாற்றியில் போட்டுவிட்டார்கள். பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. '>' குறிதான் காற்புள்ளி. விளைவு:

```
00:01:12இ400 --, 00:01:15இ900
```

வசனம் தமிழாகிவிட்டது, நேரக்குறி செத்துவிட்டது. இப்போது எந்த மென்பொருளும் இதைச் சப்டைட்டிலாக ஏற்காது. நேர வரிகளைத் தொடாமல் வசன வரிகளை மட்டும் மாற்ற வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. ஒரே ஒரு முறை கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் போதுமே!

அதைக் கையால் திருத்தி அனுப்பினால், கடைசி அடி விழுந்தது. பழைய விண்டோஸ் நோட்பேடில், தமிழ் எழுத்துக்கே இடமில்லாத அன்சி முறையில் சேமித்துவிட்டார்கள். தமிழ் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. பாமினிக் குப்பையையாவது மீட்கலாம். எழுத்துக்கு எழுத்து உள்ளே இருக்கிறது. கேள்விக்குறியாகச் சேமித்ததை எந்த மாற்றியாலும் மீட்க முடியாது, மூல எழுத்தே அழிந்துவிட்டது. எங்களிடமும் வேறு பிரதி மிஞ்சவில்லை. அண்ணாவியார் நிறுத்தி நிறுத்திச் சொன்ன தாள விளக்கம் அத்தனையையும் ஒலியைக் கேட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. சிங்களத்தில் மொழிபெயர்க்கக் காத்திருந்த ஆசிரியையிடம் நான் என்ன முகத்தோடு பேசுவது?

பத்திரிகைக்கும் கலியாண அட்டைக்கும் பாமினி போதும். அச்சில் எழுத்து வடிவம் வந்தால் வேலை முடிந்தது. இணையத்தில் எழுத்து எழுத்தாகவே போய்ச் சேர வேண்டும். காசு வாங்கிச் சப்டைட்டில் செய்கிறவர்கள் விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகையில் நேரடியாக யூனிகோடில் தட்டுங்கள். சேமிக்கும்போது யூ.டி.எப்-8 என்று தெரிவு செய்யுங்கள். அனுப்புமுன் பாமினி இல்லாத ஒரு கைப்பேசியில் திறந்து பாருங்கள். அதைக்கூடச் செய்ய முடியாதென்றால் வேலையை ஏற்காதீர்கள்.